எங்கள் முறை வரும் கிழமையில் நாங்கள் வீட்டில் இல்லாவிட்டால்?

ஜேர்மனியின் தென்மேற்கில், பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில், குறிப்பாக ஸ்ருட்காட் நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிதாக வீடு எடுத்துக் குடியேறும் எம்மவருக்கு ஒரு நாள் காலையில் கதவுப் பிடியில் ஒரு சிறு அட்டை தொங்குவது தெரியும். அதில் 'கேர்வொஹ' என்று எழுதியிருக்கும். கேரன் என்றால் கூட்டுதல், வொஹ என்றால் கிழமை. கூட்டும் கிழமை என்று பொருள். இந்தக் கிழமை மாடிப்படியையும் வாசலையும் துப்பரவாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதைத்தான் அந்த அட்டை சொல்கிறது. வேலை முடிந்ததும் நீங்கள் அதை அடுத்த வீட்டுக் கதவில் தொங்கவிட வேண்டும்.

எப்படிக் கூட்டுவது என்று எங்கள் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. விடிய எழும்பி முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. முறை வரும் கிழமையில் பாரிசில் கலியாணம், லண்டனில் செத்தவீடு, அல்லது நாலு வருடத்துக்குப் பிறகு இலங்கைப் பயணம். அப்போது என்ன செய்வது? யாரிடம், எப்படிக் கேட்பது? எதையும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன நடக்கும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது மட்டும்தான்.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி. 1492ஆம் ஆண்டிலேயே ஸ்ருட்காட் நகரத்துச் சட்டத்தில், ஏபர்ஹார்ட் காலத்தில், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் குப்பையையும் சாணத்தையும் நகருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று எழுதப்பட்டது. 1714இல் தெருக்களைத் துப்பரவாக வைப்பதற்கென்றே தனிக் கட்டளை வந்தது. இப்படி நானூறு, ஐந்நூறு வருடமாக ஊறிய பழக்கம் இது. 1988இல் ஸ்ருட்காட் நகரசபை தன்னுடைய கேர்வொஹக் கட்டளையை நீக்கிவிட்டது. "சட்டம்தான் போய்விட்டதே" என்று சில எம்மவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நகரசபையின் கட்டளைதான் போனது. வாடகை ஒப்பந்தத்தில், அதாவது நாங்கள் கையெழுத்து வைத்த 'மீட்ஃபெர்ட்ராக்' என்ற கடதாசியில், அல்லது அதோடு சேர்த்துத் தந்த வீட்டு ஒழுங்குப் பத்திரத்தில் (இதை 'ஹவுஸ்ஓர்ட்னுங்' என்பார்கள்) இந்த வேலை எழுதப்பட்டிருந்தால் அது உங்களைக் கட்டும். எழுதப்படாவிட்டால் கட்டாது. ஆகவே முதல் வேலை, அந்தக் கடதாசியை எடுத்துப் பார்ப்பது.

அதில் பெரும்பாலும் இரண்டு விதமான முறை இருக்கும். சின்னக் கேர்வொஹ என்பது உங்கள் மாடியிலிருந்து கீழ்மாடி வரையுள்ள படிகள், கைபிடி, படியோரத்து யன்னல் விளிம்பு ஆகியவற்றைக் கூட்டித் துடைப்பது. ஒரு மாடியில் இரண்டு வீடென்றால் அந்த இரண்டு வீட்டாரும் கிழமை மாறி மாறிச் செய்வார்கள். பெரிய கேர்வொஹ என்பது முழு வீட்டுக்கும் பொதுவானது. முன்வாசல், தெரு நடைபாதை, நிலவறைப் படி, பின்முற்றம், பல வீடுகளில் குப்பை வாளிகளைத் தெருவுக்குக் கொண்டுபோய் வைப்பது, மாரிகாலத்தில் பனி தள்ளுவது எல்லாம் அதற்குள் வரும். ஆறு வீடென்றால் ஆறு கிழமைக்கு ஒரு தடவை உங்களுக்கு வரும்.

இனி விசயத்துக்கு வருவோம்.

எல்லாப் பயணத்துக்கும் முறை மாற்றத் தேவையில்லை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலின் தேருக்கு இங்கிருந்து பல குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் போகின்றன. தேர் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டு ஞாயிறு இரவு திரும்புகிறவர் வெள்ளி மத்தியானம் படியைக் கழுவிவிட்டுப் போனால் போதும். சனிக்கிழமைக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் இங்குள்ளவர்களின் கணக்கு; அதற்கு முன்னர் செய்தால் யாரும் குறை சொல்வதில்லை. இதற்குப் போய்ப் பக்கத்து வீட்டாரிடம் கிழமையை மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், பிறகு உண்மையாகவே தேவைப்படும்போது கேட்க வாய் வராது.

பனிக்காலத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முறை மாற்ற வேண்டியது முழுக் கிழமையும் இல்லாதபோது, அல்லது இரண்டு மூன்று கிழமை தொடர்ந்து இல்லாதபோது. அப்போது எம்மவர் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று. ஒன்று, பேசாமல் போய்விடுவது. மற்றது, டொச் தெரிந்த பதினொரு வயதுப் பிள்ளையை அனுப்பி "அம்மா, அப்பா ஊரில் இல்லை, செய்ய ஏலாது" என்று சொல்லச் சொல்வது. இரண்டாவது வழி முதலாவதை விட நல்லது என்று தோன்றும். ஆனால் அந்த மனுசியின் காதில் விழுவது என்ன? "செய்ய முடியாது" என்ற ஒரு சொல். அது மறுப்பு. மறுப்புக்குப் பிறகு படி யாரால் கூட்டப்படும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதிலை அவரே தேட வேண்டும். கோபம் வருவது அங்கேதான். பிள்ளைக்கும் அது பாரம். பெரியவர்கள் பேச வேண்டியதைத் தான் பேசி, வாங்க வேண்டிய முகச்சுழிப்பையும் தானே வாங்கிக்கொண்டு வரும்.

கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். 'முடியாது' என்று தொடங்காமல் 'மாற்றலாமா' என்று தொடங்குங்கள். டொச்சில் 'டௌஷன்' என்ற சொல் ஒன்று போதும். அதற்குப் பண்டமாற்று என்று பொருள். "கொன்னன் வியர் டீ கேர்வொஹ டௌஷன்?" என்றால் "கூட்டும் கிழமையை மாற்றிக்கொள்வோமா?" என்று அர்த்தம். இந்த ஒரு வசனத்தைப் பெரியவர்களே நாலு தடவை சொல்லிப் பழகலாம். திக்கித் திணறிச் சொன்னாலும் பரவாயில்லை. கையில் திகதி எழுதிய ஒரு துண்டு இருந்தால் மிச்சத்தை அது சொல்லும்.

எங்கள் தொழிற்சாலையில் என்னோடு நிற்கும் அண்ணை ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, மேலாளரிட்ட லீவு கேட்டு வாங்கியாச்சு. இனிப் பக்கத்து வீட்டு மனுசியிட்டயும் லீவு கேக்கோணுமோ?" என்றார். நான் சொன்னேன்: "அண்ணை, அது லீவு கேக்கிறதில்லை. ஷிப்ட் மாத்திறது. நீங்கள் போன மாதம் இரவு ஷிப்டை எனக்குத் தந்திட்டு என்ர பகல் ஷிப்டை எடுத்தனீங்கள் எல்லோ, அதுதான்." அதற்குப் பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றும்போது யாரும் 'நான் வரமாட்டேன்' என்று சொல்வதில்லை. 'உன்னுடையதை நான் எடுக்கிறேன், என்னுடையதை நீ எடு' என்றுதான் சொல்கிறோம். இரண்டு பேரும் சேர்ந்து மேற்பார்வையாளருக்கும் சொல்கிறோம். மாடிப்படியிலும் அதே நடைமுறைதான்.

இப்போது ஓர் உதாரணத்தை எடுத்துக் கடைசி வரை பார்ப்போம். மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு, மொத்தம் ஆறு வீடு. கீழிருந்து மேலாக 1 முதல் 6 வரை இலக்கம் வைத்துக்கொள்வோம். நீங்கள் 3ஆம் வீடு. பெரிய கேர்வொஹ உங்களுக்கு மே 18 திங்கள் முதல் 24 ஞாயிறு வரை. 2026ஆம் ஆண்டுக் கலண்டரில் அது 21ஆம் கிழமை. அந்தக் கிழமை முழுவதும் நீங்கள் பாரிசில் கலியாண வீட்டில்.

இங்கு ஒரு சிறு எச்சரிக்கை. ஜேர்மன்காரருக்குக் கிழமை திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. எங்களுக்கு ஞாயிறு முதல் நாள். ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டு 'அடுத்த கிழமை' என்று சொன்னால் நீங்கள் ஒன்றை நினைப்பீர்கள், அவர் வேறொன்றை நினைக்கக்கூடும். அவர்கள் ஒவ்வொரு கிழமைக்கும் இலக்கம் போட்டு எண்ணுகிறார்கள். சுவர்க் கலண்டரில் ஓரத்தில் சிறிய எழுத்தில் அந்த இலக்கம் இருக்கும். ஆகவே 'அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை' என்று சொல்லாமல் கிழமை இலக்கத்தையும் திகதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

யாரிடம் கேட்பது? எங்கள் மனம் முதலில் போவது சிரித்துப் பேசுகிற ஆளிடம். அது 6ஆம் வீட்டு இளைஞனாக இருக்கலாம். ஆனால் அட்டை போகும் வழியை ஒருக்கால் யோசியுங்கள். வழக்கமாக அது 2இலிருந்து 3, 3இலிருந்து 4, 4இலிருந்து 5 என்று போகும். நீங்கள் 5ஆம் வீட்டோடு மாற்றினால் அட்டை 2இலிருந்து 5க்கும், 5இலிருந்து 4க்கும், 4இலிருந்து உங்களுக்கும், உங்களிடமிருந்து 6க்கும் போக வேண்டும். நாலு கைமாற்றமும் வழக்கத்துக்கு மாறானவை. இதில் ஒருவர் மறந்து, பழக்கத்தில் அட்டையை அடுத்த கதவில் தொங்கவிட்டால் முழுவதும் குழம்பிவிடும். பக்கத்து முறைக்காரரோடு, அதாவது 2ஆம் வீட்டோடோ 4ஆம் வீட்டோடோ மாற்றினால் மூன்று கைமாற்றம்தான் மாறும். தொலைவிலுள்ள முறையை விடப் பக்கத்து முறையே நல்லது.

2ஆ, 4ஆ? என்னைக் கேட்டால் 2ஆம் வீடு. அவருடைய முறை உங்களுக்கு முந்திய கிழமை, 20ஆம் கிழமை. அதை நீங்கள் செய்து முடித்துவிட்டுப் பயணம் போகிறீர்கள். அவர் உங்களுடைய 21ஆம் கிழமையைச் செய்கிறார். முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்குகிறீர்கள். எங்களை இன்னும் நன்றாக அறியாத அயலவருக்கு இது பெரிய விசயம். 'திரும்பி வந்து செய்கிறேன்' என்ற சொல்லை அவர் நம்ப வேண்டியதில்லை. செய்த வேலை கண்முன்னே இருக்கும். 4ஆம் வீட்டோடு மாற்றினால் அவர் முதலில் செய்து, நீங்கள் வந்து 22ஆம் கிழமை செய்ய வேண்டும். பாரிசில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பயணம் இரண்டு நாள் நீண்டால் அங்கேயே கடன் நிற்கும்.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. 'எங்களைத் தாண்டிவிடுங்கள், எல்லோரும் ஒரு கிழமை முன்னுக்கு வாருங்கள்' என்று கேட்கக்கூடாது. இரண்டு பேர் மாற்றினால் மற்ற நாலு வீட்டின் திகதிகளும் அப்படியே இருக்கும். வரிசையையே நகர்த்தினால் ஆறு வீட்டாரும் தங்கள் கலண்டரைத் திருத்த வேண்டும். அவர்களுக்கும் கோடை விடுமுறை இருக்கிறது, அவர்களும் கணக்குப் பார்த்துத்தான் ரிக்கற் எடுத்திருப்பார்கள்.

2ஆம் வீட்டார் சம்மதித்துவிட்டார் என்று வைப்போம். வேலை முடியவில்லை. 1ஆம் வீட்டார் தன் கிழமை முடிந்து அட்டையை 2இன் கதவில் தொங்கவிடுவார், அதுதான் அவருக்குப் பழக்கம். ஆகவே அவருக்கும் சொல்ல வேண்டும். 4ஆம் வீட்டாருக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இம்முறை அவருக்கு அட்டை வரப்போவது உங்களிடமிருந்து அல்ல, 2இடமிருந்து. எல்லோருடைய கதவையும் தட்டத் தேவையில்லை. கீழே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை இருந்தால் அதில் ஒரு துண்டு ஒட்டினால் போதும். இப்போது சில வீடுகளில் வட்சப் குழுவும் இருக்கிறது. துண்டில் இவ்வளவுதான் வேண்டும்: 'பெரிய கேர்வொஹ, முறை மாற்றம். 20ஆம் கிழமை, மே 11 முதல் 17 வரை: 3ஆம் வீடு. 21ஆம் கிழமை, மே 18 முதல் 24 வரை: 2ஆம் வீடு. 22ஆம் கிழமையிலிருந்து வழக்கம்போல.' கடைசியில் இரண்டு வீட்டுப் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் எழுதினால் மற்றவர் சம்மதித்தாரோ என்ற கேள்வி வரும்.

குப்பை வாளி. முறை மாற்றத்தில் அடிக்கடி தவறிப்போவது இதுதான். படியையும் வாசலையும் பற்றிப் பேசி முடித்துவிடுவோம், வாளியை மறந்துவிடுவோம். பல ஊர்களில் சாதாரணக் குப்பையை இரண்டு கிழமைக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள், கடதாசி வாளிக்கு அதைவிட நீண்ட இடைவெளியும் இருக்கும். உங்கள் கிழமையில் கடதாசி வாளி எடுக்கும் நாள் வந்து, அதை யாரும் தெருவுக்குக் கொண்டு போகவில்லையென்றால், ஆறு வீட்டுக் கடதாசியும் அடுத்த தடவை வரை வழிந்து கிடக்கும். படியில் ஒரு கிழமைத் தூசி கிடந்தால் ஒருவேளை யாரும் கவனிக்காமல் விடலாம். நிரம்பி வழியும் வாளியைப் பார்க்காதவர் இல்லை. ஆகவே நகரசபை தரும் குப்பைக் கலண்டரைப் பார்த்து, 'செவ்வாய் இரவு கடதாசி வாளி வெளியே வைக்க வேண்டும்' என்று மாற்றிக்கொள்ளும் ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் வாங்கிக்கொண்ட கிழமைக்கும் அதையே பாருங்கள்.

நீண்ட பயணத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இலங்கைக்கு நாலு கிழமை போகிறீர்கள் என்று வைப்போம். பெரிய கேர்வொஹ அதற்குள் ஒரு தடவை வரலாம், வராமலும் போகலாம். சின்னக் கேர்வொஹ கட்டாயம் இரண்டு தடவை வரும், ஏனென்றால் அது எதிர்வீட்டாரோடு மாறி மாறி வருவது. நீங்கள் இல்லாத நாலு கிழமையும் எதிர்வீட்டாரே தொடர்ந்து படி துடைக்க வேண்டும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அந்த இரண்டு கிழமையைத் திருப்பிக் கொடுப்பதைப் பிரித்துக் கொடுக்கலாம். அவருடைய ஒரு முறையைப் போக முன்னர் நீங்கள் செய்யுங்கள், இன்னொன்றை வந்த பின்னர் செய்யுங்கள். எண்ணிப் பார்த்தால் இப்படி வரும்: முதல் இரண்டு கிழமை தொடர்ந்து நீங்கள், பிறகு நாலு கிழமை அவர், பிறகு இரண்டு கிழமை நீங்கள். அதன் பின் பழையபடி மாறி மாறி. எட்டுக் கிழமையில் ஆளுக்கு நாலு, ஒன்றும் குறையவில்லை. இதை ஒரு கடதாசியில் எட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் எழுதிக் காட்டினால் டொச் அதிகம் தேவைப்படாது.

காசு கொடுத்துச் செய்விக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேறு வழியே இல்லாவிட்டால், வெளியே ஓர் ஆளுக்கோ துப்பரவு நிறுவனத்துக்கோ காசு கொடுத்துச் செய்விக்கலாம், அதில் தவறில்லை. பக்கத்து வீட்டாரிடம் காசு நீட்டுவது வேறு. வாழ்நாள் முழுவதும் தன் படியைத் தானே துடைத்த ஒரு சுவாபிய மனுசியிடம் இருபது யூரோத் தாளை நீட்டினால் அவரை வேலைக்காரியாக்கியது போல ஆகிவிடும். கிழமைக்குக் கிழமைதான் இங்கு நாணயம். திரும்பி வரும்போது ஒரு தேயிலைப் பக்கற் கொண்டு வந்து கொடுங்கள், அதை அவர் சந்தோசமாக வாங்குவார். ஆனால் தேயிலை கொடுத்துவிட்டுக் கிழமையை மறந்துவிடக்கூடாது.

அவர் மறுத்துவிட்டால்? மறுக்க அவருக்கு உரிமை உண்டு. மாற்றித் தருவது அவருடைய நல்ல மனது, கடமையல்ல. அடுத்தவரைக் கேளுங்கள். அதற்காகத்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும். பயணத்துக்கு மூன்று நாலு கிழமைக்கு முன் கேட்டால், ஒருவர் மறுத்தாலும் மற்றவரைக் கேட்க நாள் இருக்கும். வெளிக்கிடும் இரவில் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுக் கேட்டால் ஓம் என்று சொல்பவரும் மனதுக்குள் ஓம் சொல்வதில்லை.

இதில் சட்டப் பக்கம் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் இல்லை என்பதால் கடமை நீங்கிவிடுவதில்லை. எங்களுக்குப் பதிலாக ஓர் ஆளை ஒழுங்கு செய்வது எங்கள் பொறுப்பு. பக்கத்து வீட்டாரோடு நாங்கள் செய்யும் மாற்றம் எங்களுக்கும் அவருக்கும் இடையிலான பேச்சு. வீட்டுச் சொந்தக்காரர் அதில் சேரவில்லை. 2ஆம் வீட்டார் மறந்துவிட்டால் சொந்தக்காரர் கேட்பது உங்களிடம்தான், ஏனென்றால் அவர் கையிலுள்ள வரிசையில் 21ஆம் கிழமைக்கு உங்கள் பெயர்தான் இருக்கிறது. தொடர்ந்து செய்யாமல் விட்டால் அவர் முதலில் தவணை கொடுத்துக் கடிதம் போடலாம். அதற்கும் அசையாவிட்டால் ஒரு நிறுவனத்தைக் கொண்டு செய்வித்து அந்தச் செலவை உங்களிடம் கேட்கலாம். ஒரு தடவை தவறியதற்கு வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. அப்படிப் பயமுறுத்துகிற கதைகள் எங்கள் சனத்திடம் நிறைய உலாவுகின்றன.

இனிப் பனிக்காலம். படி துடைப்பது ஒரு வேலை. அதைப் புதன்கிழமையும் செய்யலாம், வெள்ளிக்கிழமையும் செய்யலாம். பனி தள்ளுவது காவல் நிற்பது போன்றது. எப்போது கொட்டும் என்று தெரியாது. கொட்டினால் அன்று விடியவே தள்ள வேண்டும். பல ஊர்களில் வேலை நாட்களில் காலை 7 மணிக்குள் நடைபாதை நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. சனி ஞாயிறில் கொஞ்சம் பிந்தலாம். இரவு 8 மணி அல்லது 9 மணி வரை, திரும்பக் கொட்டினால் திரும்பவும் தள்ள வேண்டும். உங்கள் ஊர் நேரத்தை நகரசபையில் கேட்டுக்கொள்ளுங்கள். உப்புப் போடுவது பல நகரங்களில் தடை, அல்லது கடும் வழுக்கலுக்கு மட்டும்தான் அனுமதி. மணலோ சிறு கல்லோதான் தூவ வேண்டும்.

ஆகவே கோடையில் மூன்று நாள் பயணத்துக்கு முறை மாற்றத் தேவையில்லை. மாரியில் ஓர் இரவு வெளியே தங்கினாலும் பதில் ஆள் வேண்டும். கிழமை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. 'சனி இரவும் ஞாயிறு காலையும் மட்டும் பார்க்க முடியுமா, பதிலுக்கு உங்கள் கிழமையில் இரண்டு காலை நான் பார்க்கிறேன்' என்று கேட்கலாம். என்னைப் போல அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இது பயணம் இல்லாமலே வரும் பிரச்சினை. நான் 5 மணிக்கு வீட்டை விட்டுப் போகும்போது வானம் வெளித்திருக்கும், 6 மணிக்குக் கொட்டத் தொடங்கும். அந்தக் கிழமைகளில் என் மனைவிதான் மண்வெட்டியோடு வாசலில் நிற்பார். அவர் இல்லாத நாளுக்கு 1ஆம் வீட்டு ஓய்வூதியக்காரரோடு நிரந்தரமாகவே ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். விடியக் காலையை அவர் பார்ப்பார், பின்னேரத்தை நாங்கள் பார்ப்போம்.

மாரியில் வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தள்ளாத பனியில் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் மருத்துவச் செலவு, வேலை இழப்பு, நோவுக்கான ஈடு என்று பெருந்தொகை கேட்கப்படலாம். அன்று யாருடைய முறை என்பதுதான் முதற் கேள்வி. 'மாற்றினோம்' என்று ஒருவரும் 'எனக்கு ஞாபகமில்லை' என்று மற்றவரும் சொன்னால் பாதிக்கப்படுவது இரண்டு பேருமே. திகதி போட்டு இருவரும் கையெழுத்து வைத்த ஒரு துண்டு, அதன் பிரதி ஒன்று வீட்டுச் சொந்தக்காரருக்கு. பனி தள்ளும் பொறுப்பை வாடகைக்காரர் மேல் போட்டாலும், அது சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் கடமை சொந்தக்காரருக்கு உண்டு. ஆகவே அறிவித்தால் அவர் கோபிக்க மாட்டார். தனியார் பொறுப்புக் காப்புறுதி, 'ஹஃப்ட்ஃப்லிஷ்ட்' என்று இங்கு சொல்வது, உங்களிடம் இருந்தால் பனி தள்ளும் பொறுப்பும் அதற்குள் அடங்குகிறதா என்று ஒரு தடவை கேட்டு வையுங்கள். மாற்றும் ஆளும் உடம்பு முடியுமானவராக இருக்க வேண்டும். எண்பது வயதுப் பாட்டி அன்பினால் ஓம் என்று சொன்னாலும் சனவரி மாதத்தில் அவரிடம் கொடுக்காதீர்கள்.

சொந்தமாக மாடிவீடு வாங்கியிருக்கும் எம்மவருக்கும் ஒரு செய்தி. சொந்தக்காரர்களின் கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கால் 'எல்லோரும் முறை வைத்துத் தாங்களே பனி தள்ள வேண்டும்' என்று தீர்மானித்து, விரும்பாத ஒருவர் மேல் அந்த வேலையைச் சுமத்த முடியாது என்று ஜேர்மனியின் உயர் கூட்டாட்சி நீதிமன்றம் 2012 மார்ச் 9ஆம் திகதி தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. அவரைக் கட்டுவது அவருடைய ஒப்பந்தம்.

கடைசியாக, திட்டமிட முடியாத பயணம். இரவு பத்து மணிக்கு லண்டனிலிருந்து தொலைபேசி வருகிறது, பெரியப்பா போய்விட்டார். அதிகாலை வெளிக்கிட வேண்டும். அந்த நேரத்தில் கிழமை இலக்கமும் கட்டமும் யாருக்கு நினைவில் வரும்? ஒரு துண்டில் 'குடும்பத்தில் மரணம், 28ஆம் திகதி வரை ஊரில் இல்லை, கேர்வொஹவை வந்து திருப்பிச் செய்வோம்' என்று எழுதித் தொலைபேசி இலக்கத்தோடு எதிர்வீட்டுக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போங்கள். டொச்சில் மரணத்துக்கு 'டோடஸ்ஃபால்' என்பார்கள். அந்த ஒரு சொல் போதும். எதிர்வீட்டுக் கதவில் அட்டையையும் தொங்கவிட வேண்டாம். அதைத் துண்டோடு சேர்த்துக் கீழே வைத்துவிடுங்கள். சம்மதம் கேளாமல் அட்டையைத் தொங்கவிடுவது கட்டளை போல இருக்கும்.

எங்களுக்கு அப்படி ஒரு தடவை நடந்தது. ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது படி துடைத்திருந்தது, வாளி உள்ளே வந்திருந்தது. எதிர்வீட்டு மனுசி இரண்டு நாள் கழித்துத்தான் கதவைத் தட்டினார். துக்கம் விசாரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன்னுடைய துண்டை எடுத்தார். ஒக்டோபரில் முழங்காலில் சத்திரசிகிச்சை, 41, 43, 45ஆம் கிழமைகள் எங்களால் முடியுமா என்று அதில் எழுதியிருந்தது. ஒன்றுதான் கடன், மூன்று கேட்கிறார் என்று என் மனைவி சிரித்தபடி கலண்டரை எடுத்து வந்து மூன்றிலும் எங்கள் பெயரை எழுதினார்.